சாயங்காலம் மட்டும் கட் ஆகும் நெட்: கோளாறு ரூட்டரிலா, காற்றிலா, வெளி லைனிலா?

"அண்ணே, எங்க வீடு நாகர்கோவில் கோட்டாறுல, சுவரோட சுவர் ஒட்டின தெரு. பகல்ல நெட் நல்லா ஓடுது. சாயங்காலம் 7 மணி ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கட் ஆகுது, மகளோட ஆன்லைன் டியூஷன் பாதியில நிக்குது. ராத்திரி 11 மணிக்கு மேல தானா சரியாயிடும். ரூட்டரை ஆஃப் பண்ணிப் போட்டா கொஞ்ச நேரம் ஓடும். ரூட்டர் போச்சு, புதுசு வாங்குங்கன்னு கடைக்காரர் சொல்றார். வாங்கணுமா?"

இன்னும் வாங்காதீர்கள் தங்கச்சி. ஆஃப் பண்ணிப் போட்டால் ஓடுகிறது என்பதை வைத்துத்தான் கடைக்காரர் ரூட்டர் போச்சு என்கிறார், ஆனால் அதை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. பெரும்பாலான ரூட்டர்களில் சேனல், அதாவது வைஃபை பேசுகிற அலைவரிசை, 'ஆட்டோ'வில் இருக்கும், பல ரூட்டர்கள் அந்த சேனலைத் தேர்ந்தெடுப்பது ஆன் ஆகும் நேரத்தில் மட்டும்தான். காலையில் தெருவே அமைதியாக இருக்கும்போது எடுத்த சேனலைப் பிடித்துக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்திருக்கும், அதற்குள் அதே சேனலில் நாலு வீட்டு டிவி ஓட ஆரம்பித்திருக்கும். நீங்கள் 8 மணிக்கு ஆஃப் பண்ணிப் போடும்போது அது அந்த நேரத்து நிலைமையைப் பார்த்து வேறு சேனலுக்குப் போகிறது, கொஞ்ச நேரம் நிம்மதி. புது ரூட்டர் வாங்கினவர்கள் முதல் வாரம் சூப்பர் என்பதற்கும் பல நேரம் இதுதான் காரணம். சூடாகித் தடுமாறுகிற ரூட்டரும் ஆஃப் பண்ணினால் ஆறி ஓடும் என்பதும் உண்மை, அதனால் ரீஸ்டார்ட்டை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது.

கண்டுபிடிக்க வேண்டியது, எந்த இடத்தில் அறுகிறது என்பது. உங்கள் லேப்டாப்பில் இருந்து ரூட்டர் வரை காற்று, அப்புறம் ரூட்டர் பெட்டி, அதைத் தாண்டி தெருவில் போகிற லைன். இந்த மூன்றையும் ஒரே ராத்திரியில் பிரித்துவிடலாம். விண்டோஸ் லேப்டாப்பில் cmd திறந்து ipconfig என்று அடித்தால் Default Gateway என்ற வரியில் ஒரு எண் வரும், அதுதான் உங்கள் ரூட்டர், பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். இரண்டு cmd சன்னல் திறந்து ஒன்றில் ரூட்டரையும் இன்னொன்றில் வெளியே இருக்கிற ஒரு சர்வரையும் விடாமல் கூப்பிடுங்கள். உங்களுக்கு வேறு எண் வந்திருந்தால் 192.168.1.1 இடத்தில் அதை அடியுங்கள்.

```
ping -t 192.168.1.1
```

```
ping -t 8.8.8.8
```

7 மணிக்குத் தொடங்கி டியூஷன் முடியும் வரை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். ஒவ்வொரு வரியிலும் time என்ற இடத்தில் வருவது, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்ற எண். கட் ஆகும் அந்த நிமிஷம் எந்த சன்னல் தடுமாறுகிறது என்று பாருங்கள். நிறுத்த Ctrl+C அழுத்தினால் எத்தனை அனுப்பியது, எத்தனை தொலைந்தது என்று கடைசியில் கணக்கும் வரும். ஒன்றிரண்டு பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ரூட்டர் வேறு வேலையில் இருந்தால் பதில் சொல்லத் தாமதிக்கும். தொடர்ந்து பத்துப் பதினைந்து வரி கெட்டுப்போகிறதா என்பதுதான் கணக்கு.

அடுத்து, பிரவுசரில் அதே ரூட்டர் எண்ணை அடித்து ரூட்டருக்குள் நுழைந்து System Up Time மாதிரி ஒரு வரியைப் பாருங்கள். ரூட்டர் கடைசியாக ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆச்சு என்று அது சொல்லும். நீங்கள் தொடாமலே அது பத்து நிமிஷம் என்று காட்டினால் பெட்டி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கிறது, அதற்குப் பக்கத்து வீட்டைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று நாள், ஐந்து நாள் என்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், கட் ஆன நேரத்திலும் பெட்டி உயிரோடுதான் இருந்திருக்கிறது.

வடசேரியில் ஒரு வீட்டில் இதே புகாருக்குப் போயிருந்தேன். பகலில் வைஃபையில் ரூட்டர் 3 மில்லி செகண்டில் பதில் சொன்னது. ராத்திரி 8.20க்கு அதே சன்னலில் 180, 420, அப்புறம் வரிசையாக Request timed out. வெளி சர்வரும் அதே மாதிரி. உடனே லேப்டாப்பின் வைஃபையை ஆஃப் பண்ணி, லேன் கேபிளை ரூட்டரில் சொருகினேன். ரூட்டர் 1 மில்லி செகண்ட், வெளி சர்வரும் ஆடவில்லை, பத்து நிமிஷம் பார்த்தும் ஒன்றுகூடத் தொலையவில்லை. அங்கேயே விஷயம் முடிந்தது. பெட்டி சரி, லைன் சரி, கெட்டது நடுவில் இருக்கிற காற்று மட்டும். இந்த மாதிரி நேரத்தில் போனில் வைஃபை கோடு முழுசாகத்தான் இருக்கும், பெயரும் மறையாது, ஆனால் எதுவும் நகராது. வைஃபை பெயரே லிஸ்டில் இருந்து காணாமல் போய், கேபிளில் மட்டும் நெட் ஓடினால் அது வேறு கதை, ரூட்டரின் ரேடியோ பகுதி சூட்டில் படுக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அந்த வீட்டில் போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தால் 19 பெயர்கள். வீட்டுப் பையன் கெட்டிக்காரன், 4ஆம் சேனல் காலியாக இருக்கிறது என்று கையால் அதில் மாற்றி வைத்திருந்தான். தப்பு அங்கேதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சேனல் என்பது அந்த எண்ணோடு நிற்காது, இரண்டு பக்கமும் வழியும். ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைக்க 1, 6, 11 என்று மூன்று இடம்தான் உண்டு. ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றை ஒன்று கேட்டு, அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்து முறை வைத்துப் பேசும். நடுவில் 4இல் போய் உட்கார்ந்தால் 1இல் பேசுவதும் 6இல் பேசுவதும் உங்களுக்கு வெறும் இரைச்சலாகத்தான் வரும், முறை வைக்கவும் வழியில்லை. கூட்டமான 6ஐ விடக் காலியான 4 மோசம் என்பதை நம்ப வைக்க அந்தப் பையனிடம் அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது.

ஆப்பில் ஒவ்வொரு பெயருக்கும் மைனஸில் ஒரு எண் இருக்கும். மைனஸ் 45 என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி, மைனஸ் 85 என்றால் தூரத்து முணுமுணுப்பு. எத்தனை பெயர் என்று எண்ணாதீர்கள், எந்த சேனலில் பலமான எண் இல்லை என்று பாருங்கள், அதையும் ராத்திரி 8 மணிக்குப் பாருங்கள், பகலில் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. வடசேரியில் 1இல் நாலு வீடு, அதில் ஒன்று மைனஸ் 48. 6இல் மூன்று. 11இல் இரண்டே இரண்டு, இரண்டும் மைனஸ் 80க்குக் கீழே. 11இல் நிறுத்தி, சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸில் இருந்ததை 20ஆகக் குறைத்தேன். 40 என்றால் வேகம் கூடும் என்று போட்டு வைப்பார்கள், நெருக்கமான தெருவில் அது இரண்டு ஆள் இருக்கையில் கால் நீட்டி உட்காருவது மாதிரி, எல்லார் மேலும் இடித்துக்கொண்டு நாமும் இடி வாங்குவோம். அதற்கப்புறம் ரூட்டரின் பதில் 3க்கும் 15 மில்லி செகண்டுக்கும் நடுவில் நின்றது.

உங்கள் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் மகளின் லேப்டாப்பை அதற்கு மாற்றுங்கள், ரூட்டர் இருக்கிற அறையிலோ அடுத்த அறையிலோ உட்காரட்டும். 5 சுவர் தாண்டாது என்று குறை சொல்வார்கள், பழைய வெட்டுக்கல் சுவர் என்றால் நிஜமாகவே தாண்டாது, ஆனால் பக்கத்து வீட்டு 5உம் அதே காரணத்தால் உங்கள் வீட்டுக்குள் வராது. கோட்டாறு மாதிரி இடத்தில் அதுதான் பெரிய லாபம். டிவியை முடிந்தால் கேபிளில் போட்டுவிடுங்கள், உங்கள் வீட்டுக் காற்றை அதிகம் தின்பது அதுதான்.

சரி, கேபிளில் போட்டும் ரூட்டர் 1 மில்லி செகண்டில் அசையாமல் இருக்க, வெளி சர்வர் மட்டும் 150, 300 என்று ஏறி நடுநடுவே தொலைந்தால் நெரிசல் ரூட்டருக்கு வெளியே. ஆனால் கம்பெனிக்குப் போன் போடும் முன்னால் வீட்டில் எல்லா போனிலும் வைஃபையை ஆஃப் பண்ணிவிட்டு ஒரு தடவை பாருங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன்கள் பகலில் எடுத்த போட்டோ, வீடியோவைத் தானாக மேலே ஏற்ற ஆரம்பிக்கும். மேலே போகும் வழி நிறைந்துவிட்டால் எல்லாமே வரிசையில் மாட்டிக்கொள்ளும், பார்க்க அப்படியே கம்பெனி நெரிசல் போலவே இருக்கும். போன்களை விலக்கியும் ஏறிக்கொண்டே இருந்தால், மூன்று நாள் காலை 7 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் கேபிளில் எடுத்த வேகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுங்கள். வைஃபையில் எடுத்ததைக் காட்டினால், உங்கள் வைஃபைதான் பிரச்சினை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வெளி சர்வர் மொத்தமாகச் செத்து, பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பில் மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம், அதை லைன்மேன் வந்துதான் பார்க்க வேண்டும்.

இனி ரூட்டரே கெட்டுப்போகிற கேஸ். முட்டத்தில் ஒரு வீடு, கடலுக்குப் பக்கம். ராத்திரி கட் ஆகும்போது கேபிளில் இருந்த லேப்டாப்பிலும் இரண்டு சன்னலும் ஒன்றாக நின்றன, இரண்டு நிமிஷம் கழித்து ஒன்றாக வந்தன. அப் டைம் பார்த்தால் 4 நிமிஷம். கண்ணாடி போட்ட டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸின் மேலேயே ரூட்டர். சாயங்காலம் டிவி ஆன் ஆனதும் உள்ளே அடுப்பு மாதிரி. அடாப்டரைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை, பின்னைக் கழற்றினால் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. மல்டிமீட்டரில் 12.1 வோல்ட் காட்டியது, அதைப் பார்த்து அடாப்டர் நல்லது என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சும்மா இருக்கும்போது கிழ அடாப்டரும் 12 காட்டும். ராத்திரி எல்லாரும் வைஃபையை இழுத்து ரூட்டர் அதிகக் கரண்ட் கேட்கிற நொடியில்தான் வோல்ட் சரியும், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். உள்ளே இருக்கிற கெபாசிட்டர் சூட்டிலேயே கிடந்து சக்தி இழந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அடாப்டரை மாற்றி ரூட்டரை அலமாரிக்கு வெளியே எடுத்து வைத்ததோடு சரியானது.

உங்கள் வீட்டிலும் அப் டைம் சின்ன எண் காட்டினால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், சில நூறு ரூபாயில் முடியும். வோல்ட் பழையதில் எழுதியிருப்பதே இருக்க வேண்டும், 12 என்றால் 12தான். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் உள்ளே பிளஸ்ஸா வெளியே பிளஸ்ஸா என்று காட்டும் சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும். கட் ஆகும் நேரத்தில் டியூப் லைட்டும் கண் சிமிட்டுகிறதா என்றும் கவனியுங்கள், அப்படியென்றால் ரூட்டரை விட்டுவிட்டு வீட்டுக் கரண்டையும் இன்வெர்ட்டரையும் பாருங்கள்.

நல்ல அடாப்டர் போட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்தும் அப் டைம் பத்து நிமிஷத்தைத் தாண்டவில்லை என்றால் அப்போது பெட்டியை மாற்றலாம். ஃபைபர் நேராக வந்து சொருகுகிற பெட்டி என்றால் கடையில் வாங்கிச் சொருகினால் வேலை செய்யாது, அதன் சீரியல் எண்ணை இணைப்புக் கொடுத்தவர் தன் பக்கம் பதிந்தால்தான் உயிர் வரும். அதனால் அப் டைம் தெரிகிற பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி, மாற்றுப் பெட்டி கேளுங்கள்.