பூனைக்கு வாங்கிய மெத்தையும் தமிழில் தொலைந்த சிரிப்பும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் சிநேகிதி தன் பூனையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சின்னப் பதிவைத் தமிழில் போடச் சொன்னாள். ஆங்கிலத்தில் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். நான் எழுதிய தமிழைப் படித்தால் பூனை மேல் புகார் கொடுத்த மாதிரி இருக்கிறது. அர்த்தம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. எங்கே தப்பு? நான் எழுதியது இது: "நான் என் பூனைக்கு நாற்பது டாலர் விலையுள்ள ஒரு படுக்கையை வாங்கினேன். அவள் அது வந்த பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். இது ஒரு பேரழிவு. நான் கோபமாக இல்லை, நான் ஏமாற்றமடைந்திருக்கிறேன். காலை நான்கு மணிக்கு அவள் என் மார்பின் மீது அமர்ந்து என் செயல்திறன் மதிப்பாய்வை நடத்தினாள். அது நன்றாகச் செல்லவில்லை."

பதில்: உங்கள் சிநேகிதியின் பதிவையும் பார்த்தேன். ஆறே வரி, ஆனால் ஒவ்வொரு வரியிலும் சிரிப்பு வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நீங்கள் அர்த்தத்தை மட்டும் எடுத்து வந்திருக்கிறீர்கள், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது. மொழிபெயர்க்க உட்காரும் முன் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இங்கே ஏன் சிரித்தேன்?" என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு, அந்தக் கதையை வீட்டில் யாரிடமாவது வாயால் சொல்லிப் பாருங்கள். வாயால் சொல்லும்போது யாரும் "விலையுள்ள ஒரு படுக்கையை" என்று சொல்லமாட்டார்கள்.

முதல் இரண்டு வரியை எடுத்துக்கொள்வோம். அங்கே சிரிப்பு இருப்பது வரிசையில். ஆங்கிலத்தில் அந்தப் பெட்டி கடைசியில் வருகிறது, அதுவரை நாம் மெத்தையிலேயே இருக்கிறோம். தமிழில் வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும், அதனால் உங்கள் வரியில் பெட்டி நடுவில் மாட்டிக்கொண்டு, "தூங்கிக்கொண்டிருக்கிறாள்" என்ற நீளமான வால் அதன் மேல் விழுந்து அமுக்கிவிட்டது. இதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. "தூங்குகிறது" என்பதைத் "தூங்குவது" என்று பெயராக்கி முன்னால் கொண்டுவந்துவிட்டால் கடைசி இடம் காலியாகிவிடும்: "தூங்குவது என்னவோ மெத்தை வந்த அட்டைப்பெட்டியில்." அந்த "என்னவோ" முக்கியம். இவ்வளவு செய்தும் இப்படியா என்கிற ஆற்றாமையை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. ஆங்கில வரியில் அதற்கு இணையான சொல் கிடையாது, ஆனால் அந்த உணர்வு இருக்கிறது. இப்படிச் சேர்ப்பது தப்பில்லை. "தான்", "என்னவோ", "ஆம்", "கூட" மாதிரியான சின்னச் சொற்களில்தான் தமிழின் குரல் இருக்கிறது, வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கும்போது முதலில் காணாமல் போவதும் இவைதான்.

கூடவே இரண்டு சின்ன விஷயம். "வாங்கினேன்" என்றாலே "நான்" உள்ளே இருக்கிறது, அதனால் எழுதி முடித்ததும் எல்லா "நான்"களையும் தேடி, வலியுறுத்தத் தேவையானதை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அடுத்தது "அவள்". ஆங்கிலத்தில் வளர்ப்புப் பூனையை அப்படிச் சொல்வது சாதாரணம், அதில் நகைச்சுவை எதுவும் இல்லை. தமிழில் "அவள்" என்றதும் படிப்பவர் ஒரு கணம் மகளை நினைத்துத் திரும்புவார், அந்த ஒரு கணம் போதும் வேகம் கெட. "அது" போதும், பல இடத்தில் அதுவும் வேண்டாம். "மகாராணி துயில் கொண்டார்" என்று எழுத ஆசை வரும். தமிழில் அது நன்றாகவே எடுபடும், ஆனால் உங்கள் சிநேகிதி சத்தம் போடாமல், முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்கிறவர். மகாராணியைக் கொண்டுவந்தால் அது வேறு யாரோ சொல்லும் கதையாகிவிடும்.

"பேரழிவு" என்ற இடத்தில் அவர் எழுதியிருப்பது "கேட்டாஸ்ட்ரஃபி". அந்தச் சொல்லுக்குள்ளேயே "கேட்", அதாவது பூனை, உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதிரிச் சிலேடை மொழி தாண்டாது. அடைப்புக்குறி போட்டு விளக்கினால் செத்துவிடும். விட்டுவிடலாம், அல்லது அதே இடத்தில் அதே அளவுள்ள தமிழ் விளையாட்டு ஒன்று வைக்கலாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமா என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். இங்கே பூனை தூங்குகிறது, காசு போனது இவருக்கு. அப்படியானால்: "கண்ணை மூடியது பூனை. பூலோகம் இருண்டது எனக்கு." பேரழிவு என்ற பொருளும் வந்துவிட்டது, பூனையும் உள்ளே இருக்கிறது.

நான்காவது வரி வேறு வகை. கோபமில்லை, ஏமாற்றம்தான் என்பது ஆங்கிலம் பேசும் வீடுகளில் தப்பு செய்த பிள்ளையிடம் பெற்றோர் சொல்லும் வாடிக்கையான வசனம். அதைப் பூனையிடம் சொல்வதால்தான் சிரிப்பு. "ஏமாற்றமடைந்திருக்கிறேன்" என்று எந்தத் தமிழ் அம்மாவும் சொன்னதில்லை. நம் வீட்டில் இதே குரலில் என்ன சொல்வார்கள் என்று யோசியுங்கள். "எனக்கென்ன கோபம்? பார்த்துப் பார்த்து வாங்கினேனே, அதான்." சொற்கள் மாறிவிட்டன, ஆனால் பேசுகிற ஆள் மாறவில்லை.

கடைசியில் அலுவலக விஷயம். "செயல்திறன் மதிப்பாய்வு" அகராதிப்படி சரி. ஆனால் ஐடி கம்பெனியில் இருப்பவருக்கு அடிவயிறு கலங்கும் சொல் "அப்ரைசல்". அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள். உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள் என்றால் "இன்ஸ்பெக்‌ஷன்" இன்னும் நன்றாகப் பிடிக்கும். அடுத்து வரும் "நன்றாகச் செல்லவில்லை" ஆங்கிலத்தில் அடக்கி வாசித்தது, தமிழில் வெறும் தகவல். இப்படி அடக்கி வாசிக்க நம்மிடம் இருப்பது "சொல்லிக்கிற மாதிரி இல்லை". "இந்த வருஷமும் சம்பள உயர்வு இல்லை" என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று தோன்றும். நான் சேர்க்கமாட்டேன், அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்த வேண்டும்.

நாற்பது டாலரை ரூபாயாக்க வேண்டாம், கதை அமெரிக்காவில் நடக்கிறது. எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தில் "அமர்ந்து" என்றும் "பண்ணிடுச்சு" என்றும் வந்தால் காதில் இடறும். கீழே உள்ளது எழுத்துத் தமிழ், பேசுகிற மாதிரி இருக்கும் இரண்டு இடத்தில் மட்டும் இறங்கி வருகிறது:

"பூனைக்கு நாற்பது டாலர் கொடுத்து மெத்தை வாங்கினேன். தூங்குவது என்னவோ மெத்தை வந்த அட்டைப்பெட்டியில். கண்ணை மூடியது பூனை. பூலோகம் இருண்டது எனக்கு. எனக்கென்ன கோபம்? பார்த்துப் பார்த்து வாங்கினேனே, அதான். விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்து எனக்கு அப்ரைசல் நடத்தியது. சொல்லிக்கிற மாதிரி இல்லை."

போடுவதற்கு முன் ஆங்கிலப் பதிவைப் பார்க்காத ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். எங்காவது "அப்படின்னா?" என்று கேட்டால் அந்த வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள். சிலேடையை எடுத்துவிட்டுப் பழமொழி வைத்ததைச் சிநேகிதியிடமும் சொல்லிவிடுங்கள், அது அவருடைய பூனை, அவருடைய வரி.