கடையில் மொடமொடப்பு, சலவையில் தொய்வு: துணியா, கஞ்சியா?

கேள்வி: சட்டை தைக்க கேம்பிரிக் என்று சொல்லி வாங்கிய துணி, கடையில் காகிதம் போல மொடமொடவென்று இருந்தது. 100 ஜி.எஸ்.எம். என்றார்கள். முதல் சலவையிலேயே மல்மல் போலத் தொய்ந்துவிட்டது, உள்ளே போட்டிருப்பதும் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா? அடுத்த முறை பாப்ளின், வாயில், ட்வில் இவற்றில் எதை எடுப்பது, எப்படிப் பார்த்து எடுப்பது?

பதில்: பெரும்பாலும் ஆமாம், ஏமாந்துதான் இருக்கிறீர்கள். கேம்பிரிக்கும் முதல் சலவையில் கொஞ்சம் தளரும். சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஏற்றிய பளபளப்பு போய்விடும், அது இயல்பு. ஆனால் உள்ளே இருப்பது தெரியும் அளவுக்குப் போனால், தளர்ந்தது துணி அல்ல. நூல் இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சி இருந்தது, அது தண்ணீரோடு போய்விட்டது.

கேம்பிரிக், பாப்ளின், மல்மல், வாயில் நான்கும் சாதா நெசவுதான். குறுக்கே போகும் ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். வித்தியாசமெல்லாம் நூல் எவ்வளவு மெல்லியது, எவ்வளவு நெருக்கம், எவ்வளவு முறுக்கு என்பதில்தான் இருக்கிறது. நூலை நெருக்கினால் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு துணி தானாகவே விறைப்பாக நிற்கும். நூலைக் குறைத்தால் செலவு மிச்சம், ஆனால் துணி தொய்யும். அந்தத் தொய்வை மறைக்கத்தான் கஞ்சி. மாவுக் கஞ்சியோ, வேறு பசையோ, சில சமயம் வெள்ளைக் களிமண் தூளும் சேர்த்தோ இடைவெளிகளை அடைத்துவிடுவார்கள். எடையும் கூடும், மொடமொடப்பும் வரும், வெளிச்சமும் ஊடுருவாது. ‘100 சதவீதம் காட்டன்’ என்ற சீட்டு அப்போதும் பொய்யாகாது, ஏனென்றால் அது இழை எது என்பதை மட்டும்தான் சொல்கிறது. கஞ்சி எத்தனை சதவீதம் என்று அச்சிட யாரும் கேட்பதில்லை, அவர்களும் அச்சிடுவதில்லை.

தைத்தது போக மிச்சத் துணி வைத்திருக்கிறீர்களா? நனைக்காத துண்டாக இருந்தால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சரியாக 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். நகை எடை போடும் சின்னத் தராசில் நிறுத்து, வரும் கிராமை 25-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை, அதாவது ஜி.எஸ்.எம். வந்துவிடும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, இந்த வேலைக்கு உதவாது. எடை போட்ட பிறகு துண்டைச் சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, கசக்கி, இரண்டு மூன்று முறை அலசி, முழுக்க உலரவிடுங்கள். உலர்ந்ததும் முதலில் எடை போட்ட அதே அறையில் சில மணி நேரம் கிடக்கட்டும். பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அவசரப்பட்டு எடை போட்டால் கணக்கு தப்பும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சலவைக்கு முன் துண்டு 4.0 கிராம், அதாவது 100 ஜி.எஸ்.எம். கடைக்காரர் சொன்னது அதுவரை உண்மை. சலவைக்குப் பின் 3.4 கிராம். நூறில் 15 பங்கு கரைந்து போயிருக்கிறது, அதுதான் கஞ்சி. இங்கே ஒரு சறுக்கல் உண்டு. துணியும் சுருங்கி, நீளம் 19, அகலம் 19.4 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். சுருங்கிய அளவை வைத்துக் கணக்கிட்டால் 92 ஜி.எஸ்.எம். வரும். “பாருங்கள், எட்டுதான் குறைந்திருக்கிறது, எல்லாத் துணியும் இப்படித்தான்” என்று விற்றவர் சொல்வார். அதை ஏற்காதீர்கள். சுருங்கினால் அதே நூல் சின்ன இடத்தில் நெருங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அதே துண்டின் முன் எடையையும் பின் எடையையும் மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று சதவீதம் குறைந்தால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் நீங்கள் வாங்கியதில் ஒரு பங்கு கஞ்சி.

எடையோடு நூலையும் எண்ணிவிட்டால் வாதமே இருக்காது. துவைத்த துண்டில் ஒரு சென்டிமீட்டரைக் குண்டூசியால் குறித்து, கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படமெடுத்து, பாவையும் ஊடையையும் தனித்தனியே எண்ணுங்கள். நல்ல கேம்பிரிக்கில் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக, சென்டிமீட்டருக்கு 35 நூல் அளவில் இருக்கும். 40 நம்பர் நூலில் அந்த நெருக்கம் இருந்தால் கஞ்சி இல்லாமலே துணி 105, 110 வரும். மேலே சொன்ன துண்டில் 28-க்கு 26 மாதிரிதான் எண்ண முடியும். குறைந்த நூலின் இடத்தில்தான் உள்ளே போட்டது தெரிகிறது. இன்னொன்று, 60 நம்பர் நூலில் நெய்த கேம்பிரிக் 70, 75 ஜி.எஸ்.எம்.தான் வரும். அது மோசமான துணி அல்ல, மெல்லிய துணி. நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். “80 நம்பர், ரொம்ப கெட்டி” என்று சொல்பவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார்.

தராசெல்லாம் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே கை போதும். துணியின் ஒரு மூலையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, துவைப்பது போல இருபது முறை கசக்குங்கள். கறுப்புத் துணிக்கு மேலே பிடித்துச் செய்தால் நல்லது, வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு கசக்கிய மூலையையும் கசக்காத இடத்தையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கசக்கிய இடம் மட்டும் சல்லடை போல வெளுத்திருந்தால் மடித்து வைத்துவிட்டு வாருங்கள். கசக்கக் கூடாது என்று சொல்லும் கடையில் அரை மீட்டர் மட்டும் வாங்கி வீட்டில் துவைத்துப் பாருங்கள். டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து ஒரு துளி விட்டால் மாவுக் கஞ்சி கருநீலமாகும் என்பது பழைய சோதனை. நீலமானால் கஞ்சி உறுதி. ஆகாவிட்டால் துணி சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மாவு இல்லாத பசைகளும் இருக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு மொடமொடப்பாக இருக்கும் எல்லாத் துணியையும் சந்தேகிக்கத் தோன்றும். அங்கேதான் வாயிலுக்கு அநியாயம் நடக்கும். வாயில் மெல்லிசு, 60 முதல் 80 ஜி.எஸ்.எம். அளவில்தான் இருக்கும், மல்மலுக்குப் பக்கத்து வீடு. ஆனாலும் கையில் எடுத்தால் மல்மலின் மழமழப்பு இருக்காது. வறட்சியாக, விரலுக்கு நுண்மணல் போலச் சொரசொரக்கும், மடித்து விட்டால் துள்ளும். இந்த மொடமொடப்பு கஞ்சியால் வந்ததல்ல, நூலின் முறுக்கால் வந்தது. வாயிலுக்கு நூலை வழக்கத்தைவிட மிக இறுக்கமாக முறுக்குவார்கள். முறுக்கிய நூல் வட்டமாக, கெட்டியாக, வில் போல நிற்கும். துவைத்தாலும் முறுக்கு அவிழாது, நூறாவது சலவையிலும் அந்தத் துள்ளல் இருக்கும். முழு வாயில் என்றால் பாவும் ஊடையும் இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூல். அரை வாயிலில் அப்படி இருக்காது. அரை வாயிலுக்குக் கஞ்சி போட்டு முழு வாயில் என்று விற்பது பழைய வித்தை.

இதைப் பிரித்தறிய ஒரு நூல் போதும். துண்டை முதலில் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கஞ்சியே நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு உண்மையை மறைக்கும். பிறகு ஒரு சாண் நூலை உருவி, இரண்டு நுனிகளையும் பிடித்து மெதுவாகக் கிட்டக் கொண்டுவாருங்கள். வாயில் நூல் நடுவில் தன்னைத்தானே சுற்றிப் பின்னிக்கொள்ளும். மல்மல் நூல் ஊஞ்சல் கயிறு போலச் சும்மா தொங்கும். நுனியைக் குண்டூசியால் முறுக்கு அவிழ்த்துப் பார்த்தால் முழு வாயிலில் இரண்டு இழை பிரியும். பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று, இரண்டையும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் சோதித்துவிட்டு நம்பிவிடாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வாயிலில் ஊடுருவித் தெரிவது தெரியத்தான் செய்யும், அது அதன் குணம். சட்டைக்கு எடுத்தால் உள்துணி வைத்தே தைக்க வேண்டும்.

ட்வில்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாய்ந்த கோடு ஓடும், 180-க்கு மேல் எடை வருவது சாதாரணம், கால்சட்டைக்கும் மேல்சட்டைக்கும் போகும். அதில் நூல்கள் ஒன்றை ஒன்று தாண்டி மிதப்பதால் எடை கூடினாலும் காகித விறைப்பு வராது, குழைந்து விழும். நீங்கள் தேடும் மொடமொடப்பு ட்வில்லில் கிடைக்காது.

உங்களுக்கு வேண்டியது பாப்ளின். அதில் பாவு நெருக்கம் ஊடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சென்டிமீட்டருக்கு பாவு 50-ஐ ஒட்டி, ஊடை 28-ஐ ஒட்டி இருக்கும். அதனால்தான் அகலவாக்கில் மெல்லிய வரி தெரியும். நகத்தை நீளவாக்கில் இழுத்தால் அந்த வரிகள் தட்டுப்படும். கஞ்சியை எடுத்த பிறகும் 110 முதல் 130 ஜி.எஸ்.எம். நிற்கும் பாப்ளினை எடுங்கள். விறைப்பு நெருக்கத்திலிருந்து வருவதால் துவைத்து இஸ்திரி போட்டதும் திரும்பி வரும். வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் ஊறவைத்து உலர்த்துங்கள். 5 சதவீதம் சுருங்கினால் மூன்று மீட்டரில் 15 சென்டிமீட்டர் போய்விடும், அதைச் சேர்த்து வாங்குங்கள். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று துணியை அப்படியே வாங்கி வைக்கும் தையல்காரர், தைத்த பிறகு கை ஏறிவிட்டால் துணியைத்தான் குறை சொல்வார். ஊறவைக்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள்.

இப்போது கையில் இருக்கும் சட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடி போல ஆகும்வரை கிளறி, ஆறியதும் சட்டையை முக்கிப் பிழிந்து உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டால் விறைப்பு வரும். ஊடுருவித் தெரிவது முழுக்க மறையாது, அடியில் பனியன் வேண்டும். ஒவ்வொரு சலவைக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கஞ்சி போட்டபடியே மாதக்கணக்கில் மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும், எடுத்து வைக்கும்போது கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள்.