கூடைக்கும் கொழுந்துக்கும் நடுவில்

வணக்கம் அண்ணா. ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். மாணவி ஒருத்தி எழுதிய கவிதையை வாசிப்பு வட்டத்தில் வாசித்துவிட்டு, “இதில் அருமையான ஓசை நயம் இருக்கிறது” என்றேன். “எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்று ஒருவர் கேட்டார். மோனை இருக்கிறது என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கவிதை இதுதான்:

கூடை நிறையவில்லை. கொழுந்தெல்லாம் மழைநீர்.
தராசு ஆடாமல் நிற்கக் காத்திருந்தார்.
அரைப்பேர்.
அட்டை கடித்த காலோடு நடந்தேன்.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குவோம். அதில் நான்கு சீர். முதல் சீர் ‘கூ’வில் தொடங்குகிறது, மூன்றாம் சீர் ‘கொ’வில். உ, ஊ, ஒ, ஓ நான்கும் மோனைக்கு ஓரினம் என்பதால் இது மோனை. ஒன்றாம் சீரிலும் மூன்றாம் சீரிலும் வருவதால் பொழிப்பு மோனை. இதுவரை உங்களுக்கும் தெரிந்ததுதான். அந்தப் பெயரோடு நின்றுவிட்டதால்தான் உங்களால் மேலே போக முடியவில்லை.

அடுத்து, மூச்சு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘நிறையவில்லை’ என்பது முற்று, வாக்கியம் அங்கே முடிந்துவிடுகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதுதான் வழக்கம். அதனால் வரியின் நடுவில் ஒரு முற்று வந்தால் குரல் தானாக நிற்கும், முற்றுப்புள்ளி போடாவிட்டாலும் நிற்கும். அந்த நிறுத்தம் வரியை இரண்டாக வெட்டுகிறது. வெட்டிய இடத்துக்கு அடுத்த எழுத்தே ‘கொ’. நிறுத்தம் பிரித்ததை மோனை சேர்த்துக் கட்டுகிறது.

பொருளும் அதையே கேட்கிறது. கூடை நிறையாதது ஒரு குறை, கொழுந்து நனைந்தது இன்னொரு குறை. ஈரக் கொழுந்தென்றால் நிறுவையில் தண்ணீருக்கென்று கழிப்பார்கள் என்பது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு குறையும் ஒரே கணக்கில்தான் போய் விழுகின்றன. வாக்கியம் இரண்டாக இருந்தாலும் ஓசை அவற்றை ஒன்றாகப் பிடித்திருக்கிறது.

இதை நான் கற்பனை செய்கிறேனா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ‘கூடை நிறையவில்லை. மழைநீர் கொழுந்தெல்லாம்’ என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். ஒரு சொல்லும் மாறவில்லை. மோனையும் இருக்கிறது, ஆனால் நான்காம் சீருக்குப் போய்விட்டது. நிறுத்தத்துக்குப் பிறகு குரல் ‘ம’வில் புதிதாகத் தொடங்குகிறது, இரண்டு பாதியும் தனித்தனியே நிற்கின்றன. ஆக, வேலை செய்வது எழுத்து மட்டுமல்ல, அது வரும் இடமும்தான். இதைச் சொல்லியிருந்தால் ‘காட்டுங்கள்’ என்று கேட்டவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

ஒரே உயிரொலி திரும்பத் திரும்ப வருவதைக் காட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். தமிழில் எந்த வரியை எடுத்தாலும் அகரம் நிறைய இருக்கும், அதை எண்ணிக் காட்டுவது வீண். பக்கத்து வரிகளோடு ஒப்பிட வேண்டும். முதல் வரியில் ‘ஆ’ ஒலி ஒன்றே ஒன்று, ‘லாம்’ என்பதில். இரண்டாம் வரியில் ரா, ஆ, டா, கா, தா என்று ஐந்து. கடைசி வரியில் மறுபடி ஒன்று. ஒவ்வொரு நெடிலும் இரண்டு மாத்திரை என்பதால் இரண்டாம் வரியை வேகமாக வாசிக்க வராது. தராசு முள் நிற்கும்வரை காத்திருக்கும் நேரம் அந்த நீட்சியில் இருக்கிறது. அதற்குப் பிறகு, அரைநாள் சம்பளம்தான் என்று சொல்லும் ‘அரைப்பேர்’ ஒற்றைச் சொல்லாக வந்து விழுகிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ‘ஆகாரம் ஏக்கத்தின் ஒலி’ என்று எழுதிவிடாதீர்கள். தாலாட்டிலும் ஆகாரம் உண்டு, கும்மியிலும் உண்டு. காத்திருத்தல் என்பது சொல்லின் பொருளிலிருந்து வருகிறது, ஒலி அதை நீட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சரி, கடைசி வரிக்கு வருவோம். ‘கடித்த காலோடு’ என்பதும் மோனைதான், ஆனால் அதை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். பேச்சில் இயல்பாக வரும் சேர்க்கை அது. நடுவில் நிறுத்தமும் கிடையாது, ‘கடித்த’ பெயரெச்சம், அடுத்த பெயரைத் தேடிப் போகும் சொல். அங்கே மூச்சு வாங்கினால் பொருள் உடைந்துவிடும். மாணவர் ஒருவர் இதையும் நயம் என்று காட்டினால், சொல்லை மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். ‘அட்டை கடித்த’ என்பதை ‘அட்டை தீண்டிய’ என்று மாற்றினால் மோனை போய்விடும், ஆனால் வரி பெரிதாக எதையும் இழக்காது.

அந்த மாணவியிடம் முதல் வரியின் சொல்வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்