தாமதமான பரிசோடு வைக்கும் சீட்டு

"பாம்பன்ல விசைப்படகுல போற நண்பனோட பிறந்தநாள் மே 20. மறந்தே போயிட்டேன். இப்பதான் ஓலைப் பெட்டியில சாயல்குடிக் கருப்பட்டி அனுப்புறேன். சீட்டுல மன்னிப்பை எப்படி எழுதுறது?"

காரணம் அடுக்காதீங்க. வேலை, காய்ச்சல், கூரியர்னு எழுதினா அவர்தான் உங்களைத் தேற்றணும். மன்னிப்பு ஒரே வரி, அதுவும் மறந்ததை மறைக்காம. மிச்ச இடம் அவருக்கு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சம்பவம் இருந்தா அது போதும். நானா இருந்தா இப்படி எழுதுவேன்:

"மாப்ள, 20ஆம் தேதியை மறந்துட்டேன்டா, மன்னிச்சிரு. குந்துகால் கரையில நாம சுட்டுத் தின்ன மீனை மட்டும் மறக்கல. அன்னைக்கும் உப்பு வாங்க மறந்தவன் நான்தான். கருப்பட்டியை அம்மாகிட்டக் குடு, சுக்குக் காப்பி போடச் சொல்லு. நானும் வாரேன்."

உப்புக்குப் பதிலா உங்க கதையைப் போடுங்க. "பெட்டர் லேட் தன் நெவர்" வசனம் மட்டும் வேண்டாம், கடையில வாங்கின அட்டை மாதிரி இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைதான். அதுக்கப்புறம் அவர் கடல்ல இருப்பார், அதுக்குள்ள சேர்ற மாதிரி அனுப்புங்க. சீட்டைத் தனியா பாலிதீன் உறையில வைங்க. கடற்காத்துல கருப்பட்டி கசிஞ்சா எழுத்தெல்லாம் போயிரும்.