பாட்டிலைச் சுற்றி ஒட்டும் லேபிளின் நீளத்தைக் கணக்கிடுவது

கேள்வி: ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றி முழுதாக ஒட்டும் காகித லேபிள் அடிக்க வேண்டும். பாட்டிலின் விட்டம் 7.6 செ.மீ. என்று கடைக்காரர் சொன்னார். லேபிளின் நீளம் எவ்வளவு வைப்பது, ஓவர்லாப் எவ்வளவு விடுவது?

நான் கிருஷ்ணகிரியில் ஓர் அச்சகத்தில் லேபிள் வடிவமைப்பு செய்கிறேன். பெங்களூரா மாங்காய் வரத் தொடங்கினால் ஊறுகாய் போடுபவர்கள் ஒவ்வொருவராக ஒரு காலிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: விட்டத்தை 3.1416 ஆல் பெருக்கி, அதனுடன் ஓவர்லாப்பைக் கூட்டினால் லேபிளின் நீளம் வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். எந்த இடத்து விட்டத்தைப் பெருக்குகிறோம் என்பதில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது.

கடைக்காரர் சொல்லும் விட்டம் பெரும்பாலும் பாட்டிலின் மிக அகலமான இடத்தினுடையது. பெட்டியில் அடுக்கும்போது பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசி லேபிள் கிழியாமல் இருக்க, பல பாட்டில்களில் தோளின் கீழும் அடியின் மேலும் கண்ணாடி சற்றே புடைத்திருக்கும். லேபிள் ஒட்டும் நடுப்பகுதி அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். விட்டத்தில் 1 மி.மீ. பிசகினால் சுற்றளவில் 3 மி.மீ.க்கு மேல் பிசகும் என்பதால், இந்தச் சிறு பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டால் ஓவர்லாப்புக்கென்று நீங்கள் ஒதுக்கிய அளவே மாறிவிடும். பை மதிப்பை 22/7 என்று வைத்தாலும் 3.1416 என்று வைத்தாலும் இந்த அளவுப் பாட்டிலுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட வராது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆகவே ஒரு பாட்டிலை அளந்து முடிவு செய்யாமல், வெவ்வேறு பெட்டிகளிலிருந்து பத்துப் பாட்டில்களை எடுத்து, லேபிள் ஒட்டும் இடத்திலேயே வெர்னியர் காலிப்பரை வைத்து அளவுங்கள். ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறையும் அளந்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கண்ணாடிப் பாட்டில் சுத்த வட்டமாக இருப்பதில்லை. காலிப்பர் இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. லேபிள் அடிக்கப் போகும் அதே காகிதத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பாட்டிலைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் இரண்டு மடிப்பையும் துளைக்கும்படி ஊசியால் ஒரு குத்து குத்துங்கள். பிரித்து விரித்தால் இரண்டு துளைகள் இருக்கும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் சுற்றளவு, அதிலேயே காகிதத்தின் தடிமனும் அடங்கிவிடும்.

நூலாலோ கயிற்றாலோ மட்டும் அளக்காதீர்கள். கயிற்றின் தடிமனும் மூன்று மடங்காகச் சுற்றளவில் சேரும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த அளவை நான் அப்படியே ஏற்று 500 லேபிள் அடித்துக் கொடுத்தேன். கயிறு ஒன்றரை மி.மீ. தடிமன் இருந்திருக்கும், நீளம் கிட்டத்தட்ட 5 மி.மீ. கூடிவிட்டது. ஓவர்லாப்பில் அடியில் போகும் ஓரத்திலிருந்து 10 மி.மீ. தள்ளித்தான் தயாரிப்புத் தேதியை வைத்திருந்தேன். ஒட்டிய பிறகு மேலே ஏறிய காகிதம் ஆண்டின் கடைசி எண்ணை மூடிவிட்டது. "வருஷமே தெரியலையே சார்" என்று அவர் பாட்டிலை என் மேசையில் வைத்தபோது, பாட்டிலைக் கேட்டு வாங்கி அளக்காதது என் தவறு என்பதால், மறுபடியும் என் செலவிலேயே அடித்துக் கொடுத்தேன்.

உங்கள் பாட்டிலுக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பாட்டில்களையும் நடுப்பகுதியில் அளந்ததில் சிறியது 72.8 மி.மீ., பெரியது 73.6 மி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை எப்போதும் பெரிய பாட்டிலுக்குத்தான் கணக்கிட வேண்டும். சிறியதில் ஓவர்லாப் கூடினால் பரவாயில்லை, பெரியதில் காகிதம் எட்டாமல் போனால் ஒட்டவே முடியாது. காகிதம் 0.08 மி.மீ. தடிமன் என்றால் அதையும் விட்டத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ஓவர்லாப்புக்கு 8 மி.மீ. விடுவோம்.

```
பெரிய பாட்டில்: (73.6 + 0.08) × 3.1416 = 231.5
சிறிய பாட்டில்: (72.8 + 0.08) × 3.1416 = 229.0
நீளம்: 231.5 + 8 = 239.5 → 240 மி.மீ.
```

கடைக்காரர் சொன்ன 76 மி.மீ.யை வைத்திருந்தால் 247 மி.மீ. வந்திருக்கும், சிறிய பாட்டிலில் ஓவர்லாப் 18 மி.மீ. ஆகியிருக்கும்.

8 மி.மீ. ஏன் என்றால், கையால் கோந்து தடவி ஒட்டும்போது லேபிள் சற்றுச் சாய்வாக ஏறுவதும், நனைந்த காகிதம் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே நீண்டு, காய்ந்ததும் சுருங்கி ஓரத்தை இழுப்பதும் உண்டு. 4 மி.மீ. மட்டும் விட்டவர்களின் பாட்டில்களில் ஓரம் நகத்தால் நெம்பியதுபோல் மேலெழும்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் ஒட்டுவதானால் அந்த இயந்திரக்காரர் கேட்கும் அளவையே கொடுங்கள்.

240 மி.மீ. நீளத்தில் பெரிய பாட்டிலில் ஓவர்லாப் 8.5 மி.மீ., சிறியதில் 11 மி.மீ. வரும். கை பிசகுவதற்கு இன்னும் 2 மி.மீ. சேர்த்து, அடியில் போகும் ஓரத்தில் 13 மி.மீ. அகலத்துக்கு எழுத்தோ பார்கோடோ எதுவும் வைக்காமல் பின்னணி நிறத்தை மட்டும் ஓடவிடுங்கள். லேமினேஷன் செய்வதானால் அந்தப் பட்டையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் படலத்தின் மேல் சாதாரணக் கோந்து பிடிக்காது.

பலரும் கவனிக்காத ஒன்று, பெயர் வரும் முகப்பின் நடு எங்கே என்பது. 240 மி.மீ.யின் பாதி 120 மி.மீ.யில் பெயரை வைத்தால், ஒட்டு சரியாகப் பின்னால் இருந்தாலும் பெயர் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். கண்ணுக்குத் தெரிவது சுற்றளவான ஏறத்தாழ 230 மி.மீ. மட்டுமே. ஆகவே மேலே ஏறும் ஓரத்திலிருந்து 115 மி.மீ.யில் நடுக்கோட்டைப் போடுங்கள்.

உயரத்துக்கு, ஒரு ஸ்கேலைப் பாட்டிலின் பக்கவாட்டில் நெடுக்காகச் சாத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடைவெளி தெரியாமல் ஸ்கேல் படியும் நேரான பகுதி 70 மி.மீ. இருந்தால், மேலும் கீழும் 3 மி.மீ. விட்டு லேபிளை 64 மி.மீ. வையுங்கள். இந்தப் பகுதியின் மேல் விட்டத்துக்கும் கீழ் விட்டத்துக்கும் அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது உருளை அல்ல. நேரான செவ்வகக் காகிதத்தைச் சுற்றினால் இரண்டு ஓரமும் சேருமிடத்தில் கோணலாகும். அப்படிப்பட்ட பாட்டிலுக்கு முன்பக்க லேபிள் மட்டும் ஒட்டுவதே மேல்.

அச்சுக் கோப்பில் வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு 246 × 70 மி.மீ. ஆக்குங்கள். 12 × 18 அங்குலத் தாளில் குறுக்கே வைத்தால் ஆறு லேபிள் வரும். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு தாளை அச்சிட்டு, வெட்டி, உங்களிடம் உள்ள மிகப் பெரிய பாட்டிலிலும் மிகச் சிறிய பாட்டிலிலும் கோந்து போட்டு ஒட்டி, ஓர் இரவு காயவிட்டுப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.