குரூப் 4: பஸ், ஒரே அறை, கரன்ட் கட்

"காலேஜுக்குப் பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வீட்டில் ஒரே அறையில் தம்பியும் பாட்டியும். கரன்ட் எப்போது போகும் என்றே தெரியாது. போட்ட டைம்டேபிள் எதுவும் நிற்கவில்லை."

மணியைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், எந்தப் பாடத்துக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். கணக்குக்கு வெளிச்சமும் எழுத இடமும் வேண்டும். 200 கேள்வியில் அது 25தான், ஆனால் பஸ்ஸில் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் கரன்ட் இருந்தால் முதலில் கணக்கு, சாப்பாடெல்லாம் அப்புறம். இல்லையென்றால் அன்று ராத்திரி அதைத் துரத்தாமல், மறுநாள் காலேஜ் மதிய இடைவேளைக்குத் தள்ளுங்கள். அந்த அரை மணிக்கு வேறு எதையும் போட வேண்டாம்.

பஸ்ஸுக்குத் தமிழ். அதில் 100 கேள்வி வருகிறது. ஆடுகிற பஸ்ஸில் புத்தகம் பார்த்தால் தலை சுற்றும். முந்தின நாள் படித்த நூல், ஆசிரியர், எதிர்ச்சொல்லை போனில் உங்கள் குரலிலேயே பதியுங்கள்: கேள்வி, ஐந்து விநாடி மௌனம், பதில். அந்த மௌனத்தில் நீங்கள் முந்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாட்டுக் கேட்பது போலப் போய்விடும். சாயங்காலம் சீட் கிடைத்தால் தூங்குங்கள், தப்பில்லை.

அறையில் மற்றவர்கள் படுத்த பிறகு சார்ஜ் விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் கண்ணில் அடிக்காது. கரன்ட் வந்த உடனே விளக்கையும் போனையும் சார்ஜில் போடுவது தம்பியின் வேலை.