முதல் பத்து மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை: நியாயமா?

கேள்வி: எங்கள் ஊர் அறக்கட்டளையில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் சேர்கிறது. பிளஸ் டூவில் அதிக மதிப்பெண் எடுத்த 10 பேருக்குத் தலா 30,000 ரூபாய் கொடுக்கிறோம். 'அறியாமைத் திரை' வைத்துப் பார்த்தால் இது நியாயமில்லை என்கிறார் ஓர் உறுப்பினர். அதை எப்படிப் பார்ப்பது?

பதில்: அவர் சொல்வது சரி. ஆனால் காரணத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால், இதற்கு மாற்றாக நீங்கள் எழுதும் விதியும் கோணலாகிவிடும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் விரிவாக விளக்கிய சோதனைதான் இந்த 'அறியாமைத் திரை'. அவர் ஒரு சமூகத்தின் முழு அமைப்பையும் மனத்தில் வைத்து எழுதினார்; உங்கள் குழுவுக்கு இது விதியைச் சரிபார்க்கும் கருவி மட்டும். விதி எழுத உட்காரும்போது, அந்த விதியின் கீழ் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்று தெரியாததுபோல எழுத வேண்டும். சாதியும் வீட்டு வசதியும் மட்டுமல்ல, உங்களுக்குக் கணக்கு வருமா வராதா என்பதும் தெரியக்கூடாது. "ஏழையாகப் பிறந்திருந்தாலும் நான் 550 எடுத்திருப்பேன்" என்று சொல்லும் உறுப்பினர் இன்னும் திரைக்குப் பின்னால் போகவில்லை. திறமை பிறப்பில் தற்செயலாக வாய்ப்பது, உட்கார்ந்து படிக்கும் பழக்கம்கூடப் பிறந்த வீட்டைப் பொறுத்தது என்பதே ரால்ஸின் வாதம்.

உங்கள் ஊரிலிருந்து 40 விண்ணப்பங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். பொறியாளர் மகன் 571, கொத்தனார் மகள் 468. பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பையன் கல்லூரிக்குப் போவான். அந்தப் பெண்ணோ விடுதிக் கட்டணத்துக்கு 25,000 ரூபாய் இல்லாமல் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். 40 பேரில் இவளைப் போல 12 பேர் இருந்தால், திரைக்குப் பின்னால் இருக்கும் நீங்கள் எந்த விதியைக் கேட்பீர்கள்? இப்போதைய விதியில் 12 பேரும் வெளியே நிற்கலாம். "சமமாகப் பிரித்துவிடலாம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்போது தலைக்கு 7,500 ரூபாய் வரும். ஒருவருடைய பள்ளமும் நிரம்பாது. எனவே பார்க்க வேண்டியது கையில் எவ்வளவு விழுகிறது என்பதல்ல; பணம் இல்லாவிட்டால் படிப்பு நிற்குமா என்பதே. 12 பேருக்கு 25,000 கொடுத்தால் 3 லட்சம் சரியாகப் போதும்.

அப்படிப்பட்டவர்கள் 20 பேர் இருந்தால்? இங்கேதான் குழுக்கள் தடுமாறி மறுபடியும் மதிப்பெண்ணுக்குத் திரும்புகின்றன. தொகையைக் குறைத்து 20 பேருக்கும் கொடுத்தால் தலைக்கு 15,000. யாரும் விடுதியில் சேர முடியாது. 25,000 என்றே வைத்தால் யாரோ 8 பேருக்குக் கிடைக்காது என்பது உறுதி. உண்மையிலேயே ஒரே நிலையில் இருப்பவர்களுக்குள் 431க்கும் 429க்கும் வேறுபாடு பார்ப்பதைவிடக் குலுக்கல் நியாயமானது. அந்த 20 பேரில் யாராக இருந்தாலும் ஒரே வாய்ப்பு இருக்கும் என்பதால் திரைக்குப் பின்னால் இருப்பவர் அதை ஏற்பார். "விளையாட்டா இது?" என்று கோபப்படுவார்கள். அதனால் குலுக்கலை ஊர் முன்னிலையில் நடத்துங்கள். ஆனால் பாதிப் படிப்பில் இருக்கும் பழைய பயனாளியைக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் பணத்தை நிறுத்தினால் முதலாண்டுச் செலவும் வீணாகும். அவருக்குரிய தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் குலுக்கலுக்கு வையுங்கள்.

தேவையைப் பார்த்துக் கொடுக்கப்போகிறீர்கள் என்று தெரிந்ததும் தரகர்கள் வருவார்கள், எச்சரிக்கை. "சேருங்கள், உதவித்தொகை வந்துவிடும்" என்று சொல்லி நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் பிள்ளையைத் தள்ளிவிட்டு, அந்தப் பெரிய கட்டணத்தை உங்கள் முன் 'தேவை' என்று நீட்டுவார்கள். அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கணக்கில் எடுக்காதீர்கள்.

வருமானச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். நான் இருந்த ஒரு தேர்வுக் குழுவில் முக்கால்வாசிச் சான்றிதழ்களில் ஒரே எண் இருந்தது: 72,000. சொந்த லாரி வைத்திருப்பவருக்கும் அதே தொகை, கூலித் தொழிலாளிக்கும் அதே தொகை. வீட்டுக்குப் போய்ப் பார்க்க நேரமில்லாத அலுவலகம் வேறு எதை எழுதும்? வீட்டுக்கு இருவர் நேரில் போங்கள். அரை நாள் வேலைதான்.

கடைசித் தேதியையும் பணம் தரும் நாளையும் இதே திரைக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு மூன்று முறை அலையும் தகப்பனின் பிள்ளை நீங்களாக இருக்கலாம். கட்டணத்தைக் கட்டி ரசீது கொண்டுவந்தால் பணம் தருகிறோம் என்ற விதி, கட்ட முடிந்தவருக்கு மட்டுமே உதவும். எத்தனை ஆண்டுகள் சொல்லியும் பல திட்டங்களில் இது மாறவில்லை. நீங்கள் சேர்க்கைக்கு முன்பே, கல்லூரியின் கணக்கில் நேராகச் செலுத்திவிடுங்கள்.